மூன்றாம் நாள் ஷீட், பத்தாம் நாள் முட்டு

கட்டுமான சைட்டுகளில் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் கூட்டி, அன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று சில நிமிடங்கள் பேசுவது வழக்கம். ‘டூல்பாக்ஸ் டாக்’ என்று பெயர். வருடம் முழுக்க நடக்கும் இந்தப் பேச்சுகளில், சென்ட்ரிங் பிரிக்கும் நாளன்று நடப்பதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வரும்.

“சார், ரூஃப் கல்லு மாதிரி இருக்கு. சுத்தியலால் தட்டினா ‘ணங்’குன்னு கேக்குது. அப்புறம் எதுக்கு முட்டு?”

கேட்கிற மேஸ்திரிமேல் தப்பில்லை. ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை ஓடுகிறது. அடுத்த சைட்டில் அதே முட்டுக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். ரூஃப் கெட்டியாக இருப்பதும் உண்மைதான். ஆனால் சுத்தியல் சொல்வது மேல்பரப்பின் கெட்டித்தனத்தை மட்டும். முட்டு எடுத்த பிறகு ரூஃப் செய்ய வேண்டிய வேலை வேறு. சுவருக்குச் சுவர் அந்தரத்தில் நிற்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது கம்பி. கம்பி தாங்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் அதை வழுக்க விடாமல் இறுகப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடி மூன்றாம் நாள் பாதிகூட வந்திருக்காது.

எவ்வளவு எடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறை, ஐந்து அங்குல ரூஃப். சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ வரும். மொத்தம் 168 சதுர அடி. அப்படியானால் ஆள் யாரும் ஏறாமல், ஒரு செங்கல்கூட வைக்காமல், அந்த ரூஃப் தன் எடையாகவே ஐந்து டன்னைச் சுமக்க வேண்டும்.

மூன்று நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456-இலேயே அது இருக்கிறது. பலர் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். ரூஃபின் அடியிலுள்ள ஷீட்டை மூன்று நாளில் எடுக்கலாம், ஆனால் எடுத்த உடனே முட்டை மறுபடி கொடுத்துவிட வேண்டும் என்கிறது விதி. முட்டையே எடுப்பதற்குக் கணக்கு தனி. சுவருக்குச் சுவர் இடைவெளி நாலரை மீட்டருக்குள், அதாவது பதினைந்தடிக்கும் சற்றுக் குறைவாக இருந்தால் 7 நாள். அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நம் பன்னிரண்டடி அறை ஏழு நாள் வகையில் வருகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நாட்கள் எல்லாம் ஓ.பி.சி. சிமென்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு, ஒழுங்காகத் தண்ணீர் காட்டிய ரூஃபுக்குச் சொன்னவை. இன்று வீட்டு வேலைக்கு வரும் மூட்டைகளில் பெரும்பாலும் பி.பி.சி. என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அதில் கலந்துள்ள சாம்பல், சிமென்ட் வினைபுரிந்து வெளிவிடும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் இறுக ஆரம்பிக்கும். அதனால் முதல் வாரத்தில் மெதுவாகவே பலம் ஏறும். பி.பி.சி. என்றால் ஏழு நாளைப் பத்தாகவும், பதினான்கை இருபதாகவும், இருபத்தொன்றை முப்பதாகவும் எடுத்துக்கொள்வதே வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதற்கும் மேலே போக வேண்டும். தண்ணீர் காட்டாமல் காயவிட்ட ரூஃபுக்கு எந்த நாள்கணக்கும் செல்லாது. கான்கிரீட் காய்ந்து பலமாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் பலமாகிறது.

நாளை எண்ணுவதைவிட நம்பகமான வழி, கான்கிரீட் போட்ட அன்றே அதே கலவையில் பதினைந்து சென்டிமீட்டர் கட்டிகள் சில வார்த்து வைப்பது. அவற்றை ஆய்வகத் தொட்டியில் வைக்காமல் ரூஃபின் பக்கத்திலேயே, அதே வெயிலிலும் அதே தண்ணீரிலும் வைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். ரூஃபின் நிலைமையை அவைதான் சொல்லும்.

மாடி மேல் மாடி ஏறும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. முதல் மாடி ரூஃப் முழுப் பலம் பெற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன்மேல் முட்டு நட்டு இரண்டாம் மாடி ரூஃப் போடுகிறோம். ஈரக் கான்கிரீட், சென்ட்ரிங், கம்பி, ஆட்கள், வண்டி எல்லாம் சேர்ந்தால் சதுர அடிக்கு 40 கிலோவை எளிதில் தாண்டும். வீட்டு அறையில் மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் என்று டிசைனில் விடுவது சுமார் 20 கிலோ; தரை ஓடு, பூச்சுக்கு இன்னும் ஒரு பத்து. ஆக, நன்றாக முதிர்ந்த ரூஃபே தனியாகத் தாங்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இளசாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் மேலே கான்கிரீட் போடும்போது கீழ் மாடியிலும் முட்டு நிற்க வேண்டும், அதுவும் மேல் முட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1973 மார்ச் 2 சாட்சி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்கைலைன் பிளாசா என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் 24-ஆவது தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். 23-ஆவது தளத்துக்கு அடியில் இருந்த முட்டுகளை அதற்குள் எடுத்திருந்தார்கள். குளிர்காலம் வேறு, கான்கிரீட் போதிய பலம் பெறவில்லை. தூண்கள் அந்தத் தளத்தைக் குத்திக்கொண்டு வெளியேற, தளம் கீழே விழுந்தது. விழுந்த எடை ஒவ்வொரு மாடியாக உடைத்துக்கொண்டு தரை வரை போனது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எல்லா ரூஃபும் இப்படி விழுவதில்லை. பல சமயம் நடுவில் கொஞ்சம் தொங்கி, அப்படியே நின்றுவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஒரு நூலைக் குறுக்கே கட்டிப் பிடித்தால் தெரியும். மழைத் தண்ணீர் அங்கே தேங்கும், கீழே கீறல் விடும். தொங்கிய பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கினால் சரியாகாது. மேல்பக்கமும் விரிசல் விடும்.

பிரிக்கும் விதத்திலும் இதே கவனம் வேண்டும். மூன்றாம் நாள் ஷீட் எடுக்கும்போது அறை முழுக்க முட்டைத் தட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப நட்டால், இடைப்பட்ட நேரம் ரூஃப் தனியாகத்தான் நின்றிருக்கிறது. அதன் பிறகு வைத்த முட்டு அலங்காரத்துக்குத்தான். ஒரு வரிசை ஷீட்டை எடு, அந்த வரிசைக்கு உடனே முட்டுக் கொடு, பிறகு அடுத்த வரிசைக்குப் போ. கடைசியாக முட்டை எடுக்கும் நாளில் நடுவில் தொடங்கிச் சுவரை நோக்கிப் போக வேண்டும். சுத்தியலால் அடித்துத் தள்ளக் கூடாது. ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தத் தளர்த்த ரூஃபும் கூடவே இறங்கி முட்டின் தலையை விடாமல் அழுத்தினாலோ, அடியில் புதுக் கீறல் ஓடினாலோ, அங்கேயே நிறுத்தி முட்டை மறுபடி இறுக்கிவிட்டு ஆட்களை வெளியே கூப்பிட வேண்டும். பிறகு எஞ்சினியரை அழைக்கலாம்.

பால்கனியும் சன்ஷேடும் இதற்கு நேர்மாறு. அங்கே இழுபடுவது மேல்பக்கம், கம்பியும் மேலேதான் இருக்கும். அதனால் முட்டை வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி எடுத்துவர வேண்டும். சுவர்ப் பக்கம் எடுத்துவிட்டு நுனியில் மட்டும் முட்டை நிறுத்தினால், கம்பி இல்லாத அடிப்பக்கம் இழுபட்டு நடுவில் முறியும். சன்ஷேடைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய சுவரை அதன்மேல் இன்னும் கட்டியிருக்கவில்லை என்றால், எத்தனை நாள் ஆகியிருந்தாலும் அந்த முட்டில் கை வைக்கக் கூடாது.