‘பார்க்கலாம்’ என்பது பதில் ஆகாது



அக்டோபர் மாதம் நெருங்குகிறது. 1883ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அக்டோபர் மாதத்தைச் செபமாலைக்கு உரியதாக ஒதுக்கினார். நம் பங்குகளில் அந்த மாதம் முழுவதும் மாதா சுரூபம் வீடு வீடாகச் செல்கிறது. ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் செபமாலை, பாடல், சிறிய மறையுரை, பிறகு சுண்டலோ தேநீரோ. மறுநாள் அங்கிருந்து பவனியாக அடுத்த வீடு. அன்பியப் பொறுப்பாளர்கள் செப்டம்பர் கடைசியிலேயே நோட்டும் பேனாவுமாக வந்து, எந்தத் தேதி யார் வீடு என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இன்று நான் பேச வருவது அந்த நோட்டைப் பற்றித்தான். எல்லோராலும் எல்லா ஆண்டும் வீட்டைத் திறந்துவிட முடியாது. முடியாதபோது அதை எப்படிச் சொல்வது? மாதாவையே மறுப்பதாகிவிடுமோ என்ற பயத்தில் நம்மில் பலர் எதையும் சொல்வதில்லை. அல்லது சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நான் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில் நடந்தது இது. ஒரு சகோதரி, வயது நாற்பது இருக்கும். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்தார். வீட்டில் இருந்ததே இரண்டு அறைகள். ஞாயிறு திருப்பலி முடிந்து படியிறங்கும்போது அன்பியப் பொறுப்பாளர் அக்கா நாலு பேர் முன்னிலையில், “பதினாலாம் தேதி மாதா உங்க வீட்டுக்கு வரட்டுமா?” என்று கேட்டார். சகோதரி தயங்கினார். பிறகு, “பார்க்கலாம்கா” என்றார். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதினாலாம் தேதி இரவு ஏழு மணிக்கு முப்பது, நாற்பது பேர் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு அந்தத் தெருவில் நுழைந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. அன்று மாலை மாமனாருக்கு மூச்சுத் திணறி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவசரத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சுரூபத்தைத் தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே நின்று, பிறகு பக்கத்து வீட்டில் செபமாலை சொன்னார்கள். இரண்டு பெண்களும் அதன்பின் பல மாதங்கள் கோயிலில் முகம் பார்த்துப் பேசவில்லை. “வரச் சொல்லிட்டு கதவைச் சாத்திட்டாங்க” என்றார் ஒருவர். “நான் எப்பக்கா வரச் சொன்னேன்?” என்றார் மற்றவர்.

இருவர் சொன்னதும் உண்மைதான். சகோதரியைப் பொறுத்தவரை, ‘பார்க்கலாம்’ என்றால் ‘இல்லை’. அக்காவுக்கோ அது ‘சரி’. நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. கேட்பவர் தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்வார். நோட்டில் எழுதுகிறவருக்கு வேண்டியது ‘சரி’தானே! அதனால் முதல் பாடம் இதுதான்: முடியாது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்ட பிறகு ‘பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள். உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருந்தால், “வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்கா, அதுவரைக்கும் எழுதிக்க வேண்டாம்” என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். அந்த நாளில் நீங்களாகவே போய்ப் பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்தச் சொல்லால் மறுப்பது? நம் மொழி இதற்கு மூன்று வினைகளைத் தந்திருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல. “நடத்த மாட்டேன்” என்றால் அது என் விருப்பத்தின் மறுப்பு. “நடத்த முடியாது” என்றால் கதவை என்றைக்குமாகச் சாத்துவதுபோல் ஒலிக்கும். “இந்த வருஷம் நடத்த முடியலைக்கா” என்றால் இப்போதைய நிலையைச் சொல்வதாகும். மூன்றிலும் பதில் ‘இல்லை’தான். ஆனால் மூன்றாவதைக் கேட்பவருக்கு உங்கள் மேல் கோபம் வராது, உங்களைப் பற்றிய கரிசனம்தான் வரும்.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய சொல் ‘வேண்டாம்’. “எங்க வீட்டுக்கு மாதா வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் மனத்தில் இருப்பது வசதிக் குறைவு மட்டுமே என்றாலும், கேட்பவர் காதில் அது மாதாவைத் திருப்பி அனுப்புவதாக விழும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லத் தயங்கி ‘போயிட்டு வரேன்’ என்று சொல்கிற மக்கள் நாம். மங்கலமான ஒன்றின் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லை வைக்க நம் நாக்கே கூசும். எனவே வாக்கியத்தின் எழுவாயை மாற்றுங்கள். மறுப்பு மாதாவின் மேலோ செபத்தின் மேலோ விழாமல், உங்கள் சூழ்நிலையின் மேல் விழட்டும். “மாதாவை வரவேற்கிற நிலைமையில இந்த முறை நாங்க இல்லைக்கா” என்று சொல்லிப் பாருங்கள். அதே ‘இல்லை’தான், ஆனால் யார் மனமும் புண்படாது.

மூன்றாவது, காரணம் சொல்ல வேண்டுமா? சொல்லலாம், ஆனால் ஒன்றே ஒன்று, உண்மையான ஒன்று, ஒரே வாக்கியத்தில். காரணங்களை அடுக்க அடுக்க அவை ஒவ்வொன்றும் கேட்பவருக்குப் பிடி கொடுக்கும். “செலவு இருக்குக்கா” என்றால், “சுண்டலை நாங்க பார்த்துக்கறோம்” என்பார். “இடம் சின்னது” என்றால், “வாசல்ல பாய் விரிச்சுக்கலாம்” என்பார். “அவர் ஊர்ல இல்லை” என்றால், “இருபதாம் தேதி வெச்சுக்கலாமா?” என்பார். அவர் வற்புறுத்துவதாக நினைக்காதீர்கள். நீங்கள் சொன்ன தடையை அன்போடு நீக்கித் தருகிறார். அதன்பின் உங்களிடம் மிஞ்சியிருப்பது இல்லாத காரணங்கள் மட்டுமே. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பொய்யாய் அவர் தலையில் பழியைப் போடுவது அப்படித்தான் தொடங்குகிறது. குடும்பத்துக்குள் உள்ள வேதனையை வெளியே சொல்ல விருப்பமில்லையா? “வீட்டுச் சூழ்நிலை சரியில்லைக்கா” என்பதே போதும். அதற்குமேல் விளக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

நான்காவது, எப்போது சொல்வது? லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் பெரிய விருந்து உவமையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வயல் வாங்கியிருக்கிறார். இன்னொருவர் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறார். மூன்றாமவருக்குப் புதிதாகத் திருமணம். முதல் இருவரும் பேசிய விதத்தைக் கவனியுங்கள். மிகவும் பணிவாகத்தான் மன்னிப்புக் கேட்கிறார்கள். பின் ஏன் வீட்டுத் தலைவருக்குச் சினம் மூண்டது? அவர்கள் முன்பே அழைக்கப்பட்டவர்கள். சமையல் முடிந்து, ஆள் வந்து கூப்பிடும் நேரத்தில் மறுக்கிறார்கள். வார்த்தையில் எவ்வளவு பணிவு இருந்தாலும் காலம் தப்பினால் அது மரியாதையாகாது. நம் கதையில் அட்டவணை ஞாயிறன்று கோயிலில் வாசிக்கப்படும். அதற்கு முன்பே சொல்லிவிட்டால், பொறுப்பாளர் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதுவார், அவ்வளவுதான். வாசித்த பிறகு நிலைமை மாறினால், அன்றே போன் செய்யுங்கள். முடிந்தால் அந்தத் தேதிக்கு வேறொரு வீட்டைப் பேசி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரம் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாலும் போதும். இன்னொன்று: அன்பிய வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி மறுக்காதீர்கள். கேட்டவரிடம் மட்டும் நேரிலோ போனிலோ சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சகோதரியை மறுபடியும் கோயில் படியில் நிறுத்துவோம். அவர் என்ன சொல்லியிருக்கலாம்?

“எங்களை நினைச்சுக் கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்கா. மாமா படுக்கையில இருக்கறதால இந்த வருஷம் எங்க வீட்டுல நடத்த முடியலைக்கா. பதினாலாம் தேதிக்கு வேற வீடு எழுதிக்குங்க. அன்னைக்கு எங்கே நடந்தாலும் நான் வந்து ஒரு காரணிக்கம் சொல்றேன்.”

நான்கே வாக்கியம். முதலாவது நன்றி. இரண்டாவது, காரணத்தோடு சேர்ந்த தெளிவான மறுப்பு. மூன்றாவதுதான் மிக முக்கியம்: ‘வேற வீடு எழுதிக்குங்க’ என்ற பிறகு அதை யாரும் ‘சரி’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான்காவது, தம்மால் இயன்றது. இந்தக் கடைசி வாக்கியத்தை உண்மையாகச் செய்ய முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். முகத்துக்காக “அடுத்த வருஷம் கண்டிப்பா” என்று வாக்குக் கொடுத்தால், அடுத்த செப்டம்பரில் அதே நோட்டு அந்த வாக்கோடு உங்கள் வாசலுக்கு வரும். மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் வரும் இரு புதல்வர்களில், தந்தையிடம் இனிமையாக ‘போகிறேன்’ என்றவர் போகவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, நோட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் படிக்கட்டில் நடந்த தவற்றில் பாதி கேள்வியிலேயே இருந்தது. நாலு பேர் முன்னால், தேதியையும் தாமே குறித்துக்கொண்டு, “மாதா வரட்டுமா?” என்று கேட்டால், யாரால் ‘இல்லை’ என்று சொல்ல முடியும்? தனியாகக் கேளுங்கள். “இந்த வருஷம் உங்க வீட்டுல வசதிப்படுமா, இல்ல வேற வீட்டுல வெச்சுக்கட்டுமா?” என்று கேளுங்கள். இரண்டு கதவும் திறந்திருக்கும். அவர் எதன் வழியாகவும் வெட்கமின்றி வரலாம். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள். ‘முடியலை’ என்றால் ‘ஏன்?’ என்று கேட்காமல், “பரவாயில்லைம்மா, மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள்.

அந்த ஊரில் அடுத்த ஆண்டு அப்படித்தான் கேட்டார்கள். சகோதரி அப்போதும் முடியவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டில் செபமாலை நடந்த மாலை, அன்பியப் பொறுப்பாளர் அக்கா சகோதரியின் வீட்டுக்குள் போய் மாமனாரின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார். சகோதரி வெளியே வந்து, தம் பங்குக்கு ஒரு காரணிக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.