திரையில் ஒரு பட்டறை – 14: மூன்று மில்லிமீட்டரில் நின்றுபோன ஃபில்லெட்

இந்த வாரம் துளை போடுவதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை ஒரு வாரம் தள்ளிவைக்கிறேன். வாசகர் ஒருவர் அனுப்பிய கோப்பு அதைவிட அவசரமாகிவிட்டது.

அவருடைய முதல் கடிதத்தில் ஒரே வரிதான்: “ஃப்ரீகேடில் ஃபில்லெட் வேலை செய்யவில்லை சார், என்ன செய்யலாம்?” இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஃபில்லெட் நின்றுபோக இருபது காரணங்கள் இருக்கலாம். எந்தப் பதிப்பு, என்ன பொருள், எந்த விளிம்பு, எவ்வளவு ஆரம், வேறு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். இரண்டாவது கடிதம் வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

பொருள் மிக எளியது. பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் பிளாஸ்டிக் படலம் உரசிச் செல்லும் ஒரு சிறு தகடு. நீளம் 40, அகலம் 30, கனம் 6 மில்லிமீட்டர். படலம் ஒரு பக்க விளிம்பின்மேல் திரும்பிப் போகிறது. அந்த விளிம்பு கூராக இருந்தால் படலம் கிழியும். அதனால் அந்தப் பக்கம் முழுக்க அரைவட்டமாக உருண்டிருக்க வேண்டும். கனம் 6 என்பதால் மேல் விளிம்புக்கு 3, கீழ் விளிம்புக்கு 3 என்று ஆரம் கொடுத்தால் இரண்டும் நடுவில் சேர்ந்து அரைவட்டம் ஆகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். தாளில் அந்தக் கணக்கு சரிதான்.

செய்த படிகளை அவர் இப்படி எழுதியிருந்தார். Part Design பணிமேசையில் புதிய Body திறந்தேன். XY தளத்தில் ஸ்கெட்ச். ஆதிப்புள்ளியில் ஒரு மூலை இருக்கும்படி 40-க்கு 30 செவ்வகம். Pad, உயரம் 6. பிறகு Y மதிப்பு சுழியாக உள்ள 40 மில்லிமீட்டர் பக்கத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தேர்ந்தெடுத்தேன். Fillet அழுத்தி ஆரம் 3 கொடுத்தேன். `BRep_API: command not done` என்று வந்தது.

இதில் நான் மிகவும் ரசித்தது விளிம்பை அவர் அடையாளம் காட்டிய விதம். பலரும் “Edge4, Edge8” என்று எழுதி அனுப்புவார்கள். அந்தப் பெயர்களை மென்பொருள் தானாக வைக்கிறது. முந்தைய படியில் ஏதாவது மாறினால் எண்களும் இடம் மாறலாம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. ஆனாலும் இவர் வைத்திருப்பது 0.21. “Y சுழியாக உள்ள பக்கத்தின் மேல் விளிம்பு” என்றால் எந்தப் பதிப்பிலும், யாருடைய கணினியிலும் அது ஒரே விளிம்புதான்.

பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. Help பட்டியலில் About FreeCAD திறந்தால் தகவலை அப்படியே நகலெடுக்க ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ஒட்டியிருந்தார். அதில் முக்கியமான வரிகள் இரண்டு: Version: 0.21.2.33771, OCC 7.6.3. இரண்டாவது வரியைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். ஆனால் ஃபில்லெட் விவகாரத்தில் முதல் வரியைவிட அதுதான் பேசும். ஃப்ரீகேட் தானாக ஃபில்லெட் போடுவதில்லை. அந்தக் கணக்கைச் செய்வது உள்ளே இருக்கும் ஓப்பன் கேஸ்கேட் என்ற வடிவக்கணித எஞ்சின். பிரான்ஸின் மாத்ரா டேட்டாவிஷன் நிறுவனத்தில் உருவாகி, 1999-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது அது. ஒரே ஃப்ரீகேட் பதிப்பு வெவ்வேறு தொகுப்புகளில் வெவ்வேறு எஞ்சின் பதிப்போடு வரலாம். உங்கள் கணினியில் வராத ஃபில்லெட் பக்கத்து மேசையில் வந்தால் முதலில் ஒப்பிட வேண்டியது இந்த வரியை.

இனி, அவர் ஏற்கெனவே செய்து பார்த்தவை. கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மேல் விளிம்புக்கு மட்டும் 3 கொடுத்தால் வருகிறது. கீழ் விளிம்புக்கு மட்டும் கொடுத்தாலும் வருகிறது. ஆக, விளிம்புகளில் கோளாறு இல்லை. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று தனித்தனி ஃபில்லெட்டாகப் போட்டால் இரண்டாவது நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் 2.99 கொடுத்தால் வருகிறது. Part பணிமேசையின் Check Geometry கொண்டு தகட்டைச் சோதித்ததில் பிழை எதுவும் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தாலும் போதும். ஆனால் அவர் இன்னும் ஒரு படி போயிருக்கிறார். Part பணிமேசையில் ஒவ்வொரு விளிம்புக்கும் தனி ஆரம் கொடுக்கலாம். அங்கே மேலே 4, கீழே 1.5 கொடுத்தார், வந்தது. மேலே 3.5, கீழே 2.5 கொடுத்தார், நின்றது. இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பாருங்கள். 4 என்பது 3-ஐவிடப் பெரியது, ஆனாலும் வந்துவிட்டது. அப்படியானால் ஆரம் பெரிதாக இருப்பது சிக்கலே இல்லை. கூட்டிப் பார்த்தால் 4-உம் 1.5-உம் 5.5; 3.5-உம் 2.5-உம் சரியாக 6. கூட்டுத்தொகை கனத்தைத் தொடும் இடத்தில்தான் நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்று புரிய ஒரு பந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள பந்து, பொருளின் உள்ளே, விளிம்பை ஒட்டி உருண்டு போகிறது. அது மேல் முகத்தை ஒரு கோட்டிலும் பக்கவாட்டு முகத்தை இன்னொரு கோட்டிலும் தொட்டுக்கொண்டே போகும். அந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள வளைவுதான் ஃபில்லெட். எஞ்சின் அந்தக் கோடுகளைக் கண்டுபிடித்து, அங்கே முகங்களை வெட்டி, நடுவில் வளைவைத் தைக்கிறது. வெட்டிய பின் அந்த முகத்தில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். நம் தகட்டின் பக்கவாட்டு முகத்தின் உயரம் 6. மேல் பந்து 3-ஐ எடுத்துக்கொள்கிறது, கீழ்ப் பந்து 3-ஐ எடுத்துக்கொள்கிறது. முகம் முழுவதும் காணாமல் போகிறது. ஒரு முகத்தை அடியோடு நீக்கிவிட்டு இரண்டு வளைவுகளை நேரடியாக ஒன்றோடொன்று தைக்க இந்த எஞ்சினுக்குத் தெரியவில்லை. கை விரித்துவிடுகிறது.

2.99 ஏன் வருகிறது என்பதும் இப்போது தெளிவு. நடுவில் 0.02 மில்லிமீட்டர் பட்டை ஒன்று மிஞ்சுகிறது. நம் கண்ணுக்கு அது இல்லை. ஆனால் இரண்டு புள்ளிகள் ஒன்றா வேறா என்று முடிவுசெய்ய எஞ்சின் வைத்திருக்கும் எல்லை ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அதோடு ஒப்பிட்டால் 0.02 என்பது இரண்டு லட்சம் மடங்கு. எஞ்சினுக்கு அது முழு முகம்.

மேலே சொன்ன முழுவதையும் யாரும் தங்கள் கணினியில் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். View பட்டியலின் Panels-இல் Python console-ஐத் திறந்து இதை ஒட்டுங்கள்:

```python
import Part
p = Part.makeBox(40, 30, 6)
e = [k for k in p.Edges
     if k.BoundBox.YMax < 0.001 and k.BoundBox.XLength > 39]
p.makeFillet(2.99, e)
p.makeFillet(3, e)
```

முதல் ஃபில்லெட் வரி அமைதியாக முடியும், கடைசி வரி பிழை காட்டும். கோளாறைத் தெரிவிக்கும்போது இப்படி ஆறு வரி கொடுத்தால் பதில் சொல்பவருக்கு உங்கள் கோப்பே தேவைப்படாது. இவருடைய நிஜக் கோப்பில் நான்கு துளைகள், ஒரு பள்ளம், பெயர் பொறித்த எழுத்து எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, பிழை போகாமல் நின்றதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார். அப்படி நீக்கும்போது எந்தப் படியில் பிழை மறைகிறதோ அந்தப் படியில்தான் காரணம் இருக்கும். எதை நீக்கியும் மறையவில்லை என்றால், இங்கே போல அடிப்படைப் பெட்டியிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபில்லெட் முகத்திலிருந்து ஆரத்தின் அளவையே எடுத்துக்கொள்ளும் என்பது செங்கோண விளிம்புக்கு மட்டும்தான். மற்ற கோணங்களில், ஆரத்தை விளிம்புக் கோணத்தின் பாதியின் டேன்ஜென்ட்டால் வகுக்க வேண்டும். 60 டிகிரி கூர்மையான விளிம்பில் 3 மில்லிமீட்டர் ஆரம் முகத்தில் ஏறக்குறைய 5.2 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். அதே ஆரம் 120 டிகிரி விளிம்பில் 1.7-தான் எடுக்கும். சரிவான பொருளில் “சின்ன ஆரம்தானே, ஏன் நிற்கிறது” என்று தோன்றினால் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் பக்கத்து விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும்.

தீர்வுக்கு வருவோம். சில வணிக மென்பொருள்களில் மூன்று முகங்களைக் காட்டினால் நடு முகத்தை விழுங்கி முழு அரைவட்டம் போடும் தனிக் கட்டளை உண்டு. ஃப்ரீகேடின் ஃபில்லெட்டில் அது இல்லை. 2.99 கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தார். முப்பரிமாண அச்சுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தத் தகடு மில்லிங் இயந்திரத்துக்குப் போகிறது. அந்த 0.02 பட்டையை வெட்டுப்பாதை போடும் மென்பொருள் ஒரு தனி முகமாகவே பார்க்கும். நாளைக்கு அந்த இடத்தில் இன்னொரு ஃபில்லெட்டோ Thickness கட்டளையோ கொடுத்தால் அந்தப் பட்டையில்தான் போய் முட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

சுத்தமான வழி, உருண்டையை ஸ்கெட்ச்சிலேயே வரைந்துவிடுவது. தகட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். YZ தளத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு, முன்பக்கம் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வில். வில் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொடும் இடங்களில் டேன்ஜென்ட் கட்டுப்பாடு கொடுங்கள். வில்லின் நுனியிலிருந்து பின்கோடு வரை 30. இதை 40 மில்லிமீட்டர் Pad செய்தால் வேலை முடிந்தது. ஃபில்லெட் கட்டளையே வேண்டாம், மிச்சப் பட்டையும் இல்லை. கனத்தை நாளை 8 ஆக்க வேண்டுமென்றால் வில்லின் ஆரத்தைத் தனியாகப் பூட்டாமல் கனத்தை மட்டும் பூட்டியிருந்தால் போதும். ஆரம் தானாக 4 ஆகிவிடும். அவர் இப்படித்தான் மாற்றி வரைந்து அனுப்பினார். Check Geometry பிழையின்றிக் கடந்தது.

இது மென்பொருள் பிழையா, எல்லையா என்று கேட்டால் எல்லை என்றுதான் சொல்வேன். பல ஆண்டுகளாகத் தெரிந்த எல்லை. ஃப்ரீகேட் பக்கத்தில் ஒரு குறை மட்டும் உண்டு: ‘command not done’ என்பது ஒரு விளக்கமே அல்ல.

ஃபில்லெட் நின்றுபோன கோப்பு உங்களிடமும் இருந்தால் அனுப்புங்கள். திரைப்பிடிப்பு வேண்டாம், `.FCStd` கோப்பு வேண்டும், அதுவும் ஃபில்லெட்டுக்கு முந்தைய படியில் சேமித்தது. OCC வரியை வெட்டாமல் ஒட்டுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று எண்களோடு எழுதுங்கள். துளை போடுவது அடுத்த வாரம் உறுதி.

(தொடரும்)