அண்ணன் பணம், தம்பி உழைப்பு, அக்கா பங்கு

அப்பா வைத்த ஹார்டுவேர் கடையை அண்ணன், அக்கா, தம்பி மூவரும் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் போட்ட முதல் 20 லட்சம் ரூபாய், அக்கா போட்டது 12 லட்சம், தம்பி போட்டது 8 லட்சம். காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு கல்லாவை எண்ணுவது வரை எல்லாம் தம்பிதான். அண்ணன் பாதி நாள் வந்து கொள்முதலையும் வங்கி வேலையையும் பார்க்கிறார். அக்கா கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார். கடைப் பக்கம் வருவதில்லை. இந்த ஆண்டு வரிக்கு முந்தைய லாபம் 16,80,000 ரூபாய். யாருக்கு எவ்வளவு?

மூவரும் இதைப் பற்றி ஒன்றும் பேசி முடிவு செய்யாமல் விட்டிருந்தால், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதில் சொல்லிவிடும். அதன் 13ஆம் பிரிவுப்படி லாபமும் நட்டமும் சரிசமம். கடையில் உழைத்தார் என்பதற்காக யாருக்கும் சம்பளம் கிடையாது. கூடுதலாக முதல் போட்டவருக்கு அதன் பேரில் வட்டியும் கிடையாது. ஆகவே ஆளுக்கு 5,60,000 ரூபாய். நாள் முழுக்க நிற்கும் தம்பிக்கும் வெளியூர் அக்காவுக்கும் ஒரே தொகை. அக்காவைவிட 8 லட்சம் கூடுதலாகப் போட்ட அண்ணனுக்கும் அதே தொகைதான். குடும்பத்துக்குள் எதற்கு எழுத்து என்று நினைப்பவர்கள், உண்மையில் இந்தப் பங்கீட்டுக்குத்தான் சம்மதிக்கிறார்கள்.

டீடு எழுதும்போது இந்த ஒற்றைத் தொகை மூன்றாகப் பிரிகிறது. போட்ட பணத்துக்கு வட்டி, செய்த வேலைக்குச் சம்பளம், உரிமைக்கும் நட்ட அபாயத்துக்கும் லாபப் பங்கு. இவர்களுடைய டீடில் முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, தம்பிக்கு மாதம் 30,000, அண்ணனுக்கு 15,000, மீதி சமமாக என்று இருக்கட்டும். முதலில் வட்டி: அண்ணனுக்கு 2,40,000, அக்காவுக்கு 1,44,000, தம்பிக்கு 96,000, மொத்தம் 4,80,000. பிறகு சம்பளம்: தம்பிக்கு 3,60,000, அண்ணனுக்கு 1,80,000. மிச்சம் 6,60,000 ரூபாய்; ஆளுக்கு 2,20,000. கூட்டிப் பார்த்தால் தம்பிக்கு 6,76,000, அண்ணனுக்கு 6,40,000, அக்காவுக்கு 3,64,000. அதே கடை, அதே லாபம்தான். அக்காவின் கணக்கில் மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம் குறைந்திருக்கிறது. அவரையும் உட்கார வைத்துப் பேசித்தான் டீடு எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இனி இதை எங்கே எழுதுவது என்பதுதான் பல கடைகளில் குழம்பும் இடம். கடை வாடகை, வேலையாட்களின் கூலி, மின்கட்டணம் எல்லாம் லாப நட்டக் கணக்கில் செலவாகக் கழியும். பங்குதாரரின் வட்டியும் சம்பளமும் அந்தக் கூட்டத்தில் சேராது. செலவெல்லாம் போக நின்ற லாபத்தை ‘லாப நட்டப் பகிர்வுக் கணக்கு’ என்ற தனிக் கணக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். பகிர்வுக் கணக்கில் பற்று; எதிர்ப்பக்கம் அந்தந்தப் பங்குதாரரின் நடப்புக் கணக்கில் வரவு. முதல் கணக்கைத் தொடுவதில்லை. மாதாமாதம் எடுத்ததும் வந்ததும் முதல் கணக்கிலேயே விழுந்தால் முதல் தொகை கரைந்தும் பெருகியும் கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு எந்தத் தொகைக்கு வட்டி போடுவது என்பதிலேயே தகராறு தொடங்கும். 20, 12, 8 என்ற மூன்று எண்களை அப்படியே நிறுத்திவிட்டு, அசைவுகளை எல்லாம் நடப்புக் கணக்கில் காட்டுவது நல்லது.

கூலிப் பேரேட்டைத் திறந்து பார்த்தால் போதும். கடைப் பையன்களின் பெயர்களுக்கு நடுவே தம்பியின் பெயரும் இருந்தால், கணக்கு வழி தவறியிருக்கிறது. பங்குதாரர் நிறுவனத்தின் வேலையாள் அல்ல. பெயரளவில் சம்பளம் என்றாலும் அது லாபத்தின் ஒரு பகுதியே என்று, தேயிலைத் தோட்ட நிறுவனம் ஒன்றின் வரி வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

லாபம் குறையும் ஆண்டில்தான் இதன் கனம் தெரியும். பக்கத்தில் பெரிய கடை ஒன்று திறந்து, லாபம் 2,40,000 ரூபாயாக விழுந்துவிட்டது என்போம். வட்டிக்கே 4,80,000 வேண்டும். முதலுக்கான வட்டியை லாபத்திலிருந்து மட்டுமே தர வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே இருப்பதை வட்டியின் விகிதத்தில் பிரித்தால் அண்ணனுக்கு 1,20,000, அக்காவுக்கு 72,000, தம்பிக்கு 48,000. சம்பளத்துக்கு ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை.

ஆனால் தம்பி மாதாமாதம் 30,000 எடுத்து வீட்டுச் செலவைப் பார்த்திருக்கிறார். ஆண்டு நடுவில் எடுத்ததெல்லாம் எடுப்புதான். சம்பளமாக வரவு விழுந்தால் அதோடு நேராகும். இந்த ஆண்டு சம்பளம் இல்லாததால், 3,60,000 எடுப்புக்கு எதிராக 48,000 மட்டுமே வரவு. மார்ச் 31 அன்று அவர் கடைக்கு 3,12,000 ரூபாய் கடன்பட்டு நிற்கிறார், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல்! இது நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. லாபம் இல்லாவிட்டாலும் உழைப்பவரின் சம்பளம் கட்டாயம் என்றோ, வட்டிக்கு முன்பே சம்பளம் என்றோ டீடில் ஒரு வரி சேர்த்திருந்தால் கதை மாறியிருக்கும்.

அந்த வரியை எழுதும்போதும் எது கட்டாயம் என்று கவனிக்க வேண்டும். ‘நட்டம் வந்தாலும் வட்டி உண்டு’ என்று மட்டும் எழுதினால், 2,40,000 லாபத்திலிருந்து 4,80,000 வட்டி கழிந்து 2,40,000 நட்டம் உருவாகும். அதை ஆளுக்கு 80,000 வீதம் சுமப்பார்கள். அப்போது அண்ணனுக்கு நிகரமாக 1,60,000, அக்காவுக்கு 64,000, தம்பிக்கு வெறும் 16,000. முதல் குறைவாகப் போட்டவரின் பங்கு, அதிகம் போட்டவரிடம் போய்ச் சேர்கிறது.

வருமான வரித்துறைக்கு இந்தப் பிரிவினை வேறு வகையில் முக்கியம். டீடில் அனுமதித்த வட்டி 12 சதவீதம் வரையிலும், உழைக்கும் பங்குதாரரின் சம்பளம் ஒரு வரம்பு வரையிலும் நிறுவனத்தின் வருமானத்திலிருந்து கழியும். அவற்றுக்குப் பங்குதாரர் தம் கையில் வரி கட்டுவார். மிஞ்சும் லாபத்துக்கு நிறுவனமே 30 சதவீத வரியும் செஸ்ஸும் கட்டிவிடும். பங்குதாரரிடம் மறுபடி கேட்க மாட்டார்கள். சம்பள வரம்பு 2024-25 நிதியாண்டு முதல் உயர்ந்திருக்கிறது. வட்டி போன பிறகுள்ள லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. அதற்கு மேல் 60 சதவீதம். நல்ல ஆண்டில் நம் கடையில் வட்டி போக 12 லட்சம் இருந்ததால் வரம்பு 9 லட்சம். கொடுத்த 5,40,000 முழுதும் கழியும். அக்காவுக்குச் சம்பளம் எழுதினால் கழியாது, அவர் வேலை பார்ப்பதில்லையே.

2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பங்குதாரருக்கான சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். ரொக்கமாகத் தராமல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு. நல்ல ஆண்டின் கணக்கில் அக்காவின் வட்டியில் 14,400 ரூபாய், தம்பியின் வட்டி, சம்பளத்தில் 45,600 ரூபாய். லாபப் பங்கில் பிடித்தம் இல்லை.

சம்பளத்தைக் கூட்டுவதானால் டீடைத் திருத்திய தேதியும் முக்கியம். தம்பிக்கு மாதம் 40,000 என்று ஜனவரி 1 அன்று எழுதி, ‘சென்ற ஏப்ரல் முதல்’ என்று போட்டாலும் துறை ஜனவரி முதலான உயர்வை மட்டுமே ஏற்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கூட்டிய 90,000 ரூபாய் கழியாது. அதற்கான வரியை நிறுவனமே கட்ட வேண்டும்.