மாதக்கணக்கில் அணைத்து வைத்த போன் மதீனாவில் ஏன் சென்னையைக் காட்டுகிறது?

உம்ராவுக்குப் புறப்படும்போது, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனையும் வாப்பாவுக்காகப் பெட்டியில் போட்டுக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதமாக அணைந்து கிடந்த அந்தப் போனை மதீனாவில் ஹோட்டல் அறையில் இயக்குகிறோம். சிம் இல்லை, வைஃபையும் இன்னும் கிடைக்கவில்லை. கிப்லா செயலியைத் திறந்தால் அம்பு மேற்கிலிருந்து சற்று வடக்கே நிற்கிறது. மதீனாவில் கிப்லாவோ ஏறக்குறைய நேர் தெற்கு!

திசைகாட்டி கெட்டுவிடவில்லை. அந்த அம்பு சென்னைக்குரிய கிப்லா. புதிய இடம் இன்னும் தெரியாததால், கடைசியாகச் சேமித்து வைத்திருந்த இடத்தைக் கொண்டு செயலி கணக்குப் போட்டுவிட்டது. அப்படியானால் புதிய இடத்தைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நேரம்?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. காது கொடுத்துக் கேட்க மட்டும் செய்கிறது. சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். போனில் இருப்பது சாதாரணக் கடிகாரம்தான். அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் மூன்றுக்குப் பதில் நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

தூரம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தச் செயற்கைக்கோள் அந்த நொடியில் எங்கே இருந்தது என்பதும் தெரிய வேண்டும். தன் பாதை விவரத்தை ஒவ்வொரு செயற்கைக்கோளும் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜி.பி.எஸ்.ஸின் பழைய அடிப்படை சிக்னலில் அது வரும் வேகம் வினாடிக்கு வெறும் 50 பிட்! துல்லியமான பாதையையும் கடிகார விவரத்தையும் சொல்லி முடிக்க 18 வினாடி ஆகிறது. 30 வினாடிக்கு ஒருமுறை அதையே திரும்பச் சொல்கிறது. இந்த விவரம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதைப் பட்டியலும் இதனுடன் துண்டு துண்டாக வருகிறது. அது வாரக்கணக்கில் பயன்படும் என்றாலும் முழுதாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம் வேண்டும்.

ஒரு மாதம் அணைந்து கிடந்த போனில் துல்லியமான விவரம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. தோராயப் பட்டியல் இருந்தாலும், தான் சென்னையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்குள்ள வானத்தைத்தான் முதலில் தேடும். திறந்த வெளியில் வைத்தால் முதல் இடம் கிடைக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகலாம். அறைக்குள் கதையே வேறு. சுவரைத் தாண்டி வரும் மெலிந்த சிக்னலில் தூரத்தை அளந்துவிடலாம். ஆனால் அதிலுள்ள செய்தியைப் படிக்க முடியாமல் போகும். நடுவில் ஒரு பகுதி தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஜன்னலோரம் பத்து நிமிடம் வைத்தும் ஒன்றும் வராமல் போவது இதனால்தான்.

ஊரில் இந்தத் தாமதம் நம் கண்ணில் படாததற்குக் காரணம் இணையம். பாதை விவரங்களை வானத்திலிருந்து கேட்காமல் போன் ஓரிரு வினாடியில் இணையம் வழியாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்திலுள்ள டவரும் வைஃபையும் தோராயமான இடத்தைச் சொல்லிவிடுகின்றன.

இன்றைய போன்கள் அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. உயர்ந்த ஹோட்டல்களுக்கு நடுவே நிற்கும்போது வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அதில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இரண்டோ மூன்றோ இருந்தாலும், மற்றவற்றையும் சேர்த்தால் எட்டு, பத்து வந்துவிடும். ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு அமைப்புக்கும் தனி நேரக்கணக்கு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் தெரியாவிட்டால் அதையும் கண்டுபிடிக்க இன்னொரு செயற்கைக்கோள் வேண்டும், நான்கு ஐந்தாகிவிடும். அந்த வித்தியாசத்தைக் கலிலியோ தன் செய்தியிலேயே அறிவித்துவிடுகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் போன் ஒரே நேரத்தில் கேட்பதால் காத்திருப்பு கூடுவதில்லை. ஆனாலும் இணையம் இல்லாதபோது ஒவ்வொன்றும் தன் விவரத்தைச் சொல்லி முடிக்கும் வரை பொறுக்கத்தான் வேண்டும்.

போன் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆண்ட்ராய்டில் GPSTest செயலியில் பார்க்கலாம். ஒரு செயற்கைக்கோளின் வரிசையில் E என்ற எழுத்து வந்தால் அதன் பாதை விவரம் கிடைத்துவிட்டது என்று பொருள். U வந்தால் இடத்தைக் கணக்கிட அதைப் பயன்படுத்துகிறது. சிக்னல் இருந்தும் E வரவில்லையென்றால் மாடிக்கோ முற்றத்துக்கோ போய், போனை அசைக்காமல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். இதற்கு சிம் தேவையில்லை. U வந்த பிறகு கிப்லா செயலியை மூடித் திறந்தால் அம்பு தெற்கே திரும்பும். அதுவரை அறையின் கூரையில் ஒட்டியிருக்கும் கிப்லா அம்பையே பார்த்துக்கொள்வோம்.