தலை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி யுலிசிஸ் கிராண்ட், சிட்டி பாயிண்ட் முகாமில் குதிரைமேல் கம்பீரமாக அமர்ந்திருப்பதாக ஒரு பழைய படம் உண்டு. அதில் கிராண்டுக்குச் சொந்தமானது தலை மட்டுமே. அது 1864இல் கோல்ட் ஹார்பரில் எடுத்த படத்திலிருந்து வெட்டப்பட்டது. உடலும் குதிரையும் அலெக்சாண்டர் மெக்குக் என்ற இன்னொரு தளபதியுடையவை. பின்னணியில் தெரிவது போர்க்கைதிகள் முகாம். மூன்றையும் ஒட்டியவர் லெவின் ஹேண்டி என்ற புகைப்படக்காரர். காங்கிரஸ் நூலகத்தார் பின்னாளில் இதை ஆராய்ந்தபோது கண்ணை உறுத்தியவற்றில் ஒன்று, உடலோடு சேராத கோணத்தில் தலை இருந்தது.

ஒட்டு வேலை எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், தலையை எடுக்கும் மூலப் படம் பொருந்தாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலை மூன்று விதமாக அசையும். தோளை நோக்கிச் சாய்ந்திருந்தால் கவலையில்லை. படத்தைச் சுழற்றிச் சரிசெய்துவிடலாம். இடவலமாகத் திரும்பியிருப்பதும் மேலும் கீழுமாக நிமிர்ந்தோ குனிந்தோ இருப்பதும்தான் சிக்கல். அப்போது முகத்தின் ஒரு பகுதியே மறைந்துவிடுகிறது. படத்தில் இல்லாததை எப்படித் திருப்பினாலும் கொண்டுவர முடியாது.

இதைக் கண்டுபிடிக்க முதலில் காதுகளைப் பார்க்க வேண்டும். இரண்டு காதுகளும் ஒரே அளவு தெரிந்தால் முகம் நேராக இருக்கிறது. ஒன்று மறைந்தால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைத் தூரக் கன்னத்தின் விளிம்புக்கும் மூக்கு நுனிக்கும் உள்ள இடைவெளி சொல்லும். நிமிர்ந்த தலையில் காதுகள் கண்மட்டத்தைவிடத் தாழ்ந்து தெரியும், குனிந்த தலையில் உயர்ந்து தெரியும். இரண்டு படங்களிலும் இவை ஒத்துப்போகாவிட்டால் வேறு படம் தேடுவதே நல்லது.

வலப்பக்கம் பார்க்கும் தலை கிடைக்கவில்லை என்றால் இடப்பக்கப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடும் ஆசை வரும். ஆபிரகாம் லிங்கனுக்கு இது நடந்திருக்கிறது. அவரது தலையைத் திருப்பி, ஜான் கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் உடலில் பொருத்தி அச்சிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கால்ஹூன் அடிமைமுறையைத் தீவிரமாக ஆதரித்தவர்! லிங்கனின் வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்குப் போனதைக் கவனித்து ஸ்டெஃபான் லோரன்ட் என்ற பத்திரிகையாளர் குட்டை உடைத்தார். நம்மூர்ப் படங்களில் மூக்குத்தியும் தலை வகிடும் இதே வேலையைச் செய்யும். வெளிச்சமும் எதிர்ப்பக்கம் போய்விடும்.

கோணத்தோடு தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் எடுத்த செல்ஃபியில், ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும், காதுகள் பின்வாங்கும். அந்த முகத்தைக் குழுப்படத்தில் ஒட்டினால் அளவு சரியாக இருந்தும், ஆள் வேறு யாரோ போலிருப்பார்.

ஒரு வரவேற்பு மேடையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தில் எல்லாரும் நன்றாக இருக்க, அத்தை மட்டும் கண்ணை மூடிவிட்டார். கையில் மூன்று மாற்றுகள் இருக்கின்றன: காலையில் ஜன்னலோரம் எடுத்த தெளிவான தனிப்படம், உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செல்ஃபி, அதே மேடையில் அடுத்த நொடி எடுத்த படம். கடைசிப் படத்தில் கண் திறந்திருக்கிறது, ஆனால் சிரிப்பு சற்றுக் குறைந்திருக்கிறது.

தனிப்படம்தான் அழகானது. ஆனால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருகிறது, மேடையிலோ எதிரிலிருந்து. செல்ஃபியின் கதை மேலே சொன்னதுதான். போதாக்குறைக்கு, வழியில் சுருக்கப்பட்டு நுணுக்கங்களையும் இழந்திருக்கிறது. எனவே அடுத்த நொடிப் படமே சரி. ஆனால் அதிலிருந்து கண்களை மட்டும் எடுத்துவிடக் கூடாது. மனமாரச் சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளும், கண்ணோரம் சுருங்கும். பெரிய சிரிப்பின்மேல் சின்னச் சிரிப்பின் கண்களை வைத்தால் வாய் மட்டும் சிரிப்பதுபோல் ஆகிவிடும். தாடையும் கழுத்தும் சிரிப்போடு மாறுவதால் தலையை முழுதாக எடுத்து, வெட்டைப் புடவைத் தலைப்பின் ஓரத்திலோ நகைக்கு அடியிலோ மறைப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் துல்லியம். மொத்த மெகாபிக்சல் இங்கே உதவாது. இரு கண்மணிகளுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று எண்ண வேண்டும். 6000 பிக்சல் அகலக் குழுப்படத்தில் அது எழுபது இருக்கலாம். மூலப் படத்தில் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். சுருக்கலாம், ஆனால் முப்பதை எழுபதாக்கினால் முகம் மெழுகாகிவிடும். நெருக்கப் படத்தின் ஐந்நூறைச் சுருக்கினாலும் ஒரு சங்கடம் உண்டு: பக்கத்தில் நிற்பவர்களைவிட அத்தை கூர்மையாகத் தெரிவார். லேசாக மங்கலாக்கி, மேடை வெளிச்சத்தின் புள்ளி இரைச்சலையும் சேர்த்தால்தான் ஒட்டும். இதைச் சோதிக்க அத்தையை உற்றுப் பார்ப்பதைவிட, இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி அவரது இருபுறமும் நிற்பவர்களின் புருவ முடிகளோடு ஒப்பிடுவது பலன் தரும்.