ஐந்து பில், 3,100 ரூபாய்: பில்லிங் மென்பொருளுக்கு ஒரு சோதனை

கல்லாவில் இருப்பவர் பில் போட்டுச் சேமிக்கிறார். பிரிண்டரிலிருந்து காகிதம் வரவில்லை. விற்பனையே பதிவாகவில்லை என்று நினைத்து, அதே பொருள்களுக்கு மறுபடியும் பில் போடுகிறார். வாடிக்கையாளர் கொடுத்தது ஒரு முறைதான். கணக்கில் ஏறியதோ இரண்டு முறை. இரவு கடை சாத்தும்போது கணக்கு உதைக்கும், பழி ஊழியர் மேல் விழும். மென்பொருள் வாங்கும்போதே சோதித்துப் பார்த்தால் இதைத் தவிர்க்கலாம்.

சோதனைக்கு ஐந்து பில் போதும். தொகைகள் 100, 200, 400, 800, 1,600 என்று இருக்கட்டும். கூட்டினால் 3,100. ஒவ்வொரு தொகையும் முந்தையதைப் போல இரு மடங்கு என்பதால், தவறு எந்தப் பில்லில் என்று உடனே தெரிந்துவிடும். நாள் கணக்கு 3,500 காட்டி, பில் எண்ணிக்கை ஆறானால் 400 ரூபாய் பில் இரட்டித்திருக்கிறது. 2,300 காட்டி, நான்கு பில் மட்டும் இருந்தால் 800 ரூபாய் பில் தொலைந்திருக்கிறது.

முதல் பில்லை வழக்கம்போல் போடுங்கள். இரண்டாவது பில்லுக்கு பிரிண்டரை அணைத்துவிட்டுச் சேமியுங்கள். விற்பனை பதிவாகிவிட்டது, அச்சாகவில்லை என்று திரை தெளிவாகச் சொல்ல வேண்டும். மறுஅச்சுப் பொத்தானை இருமுறை அழுத்திவிட்டு பிரிண்டரைப் போடுங்கள். கணினியில் காத்திருந்த அச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். அசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றவற்றில் 'நகல்' என்று இருக்க வேண்டும். எத்தனை காகிதம் வந்தாலும் மொத்தத் தொகை மாறக் கூடாது.

மூன்றாவது பில்தான் கடினமானது. பில் சர்வருக்குப் போய்ப் பதிவாகிவிடுகிறது. பதில் திரும்புவதற்குள் இணையம் அறுந்துவிடுகிறது. கடைக் கணினி, போகவில்லை என்று கருதி மறுபடி அனுப்பும். அந்த நொடியில் கையால் ஒயரைப் பிடுங்குவது சிரமம். அதனால் சர்வரின் பதிலைப் பத்து விநாடி தாமதப்படுத்தச் சொல்லி, அதற்குள் பிடுங்குங்கள். பில் உருவாகும்போதே அதற்கென்று தனி அடையாளம் கொடுக்கப்பட்டிருந்தால், சர்வர் இரண்டாவது வரவை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும்.

நான்காவதையும் ஐந்தாவதையும் இணையம் இல்லாமலே போடுங்கள். அப்படியே நாள் கணக்கை முடிக்கப் பாருங்கள். அனுப்பாத பில்கள் இருப்பதை மென்பொருள் எச்சரிக்க வேண்டும். இணையத்தை மறுநாள் கொடுத்தாலும், அவை விற்ற நாளின் கணக்கிலேயே சேர வேண்டும்.

கடைசியாகப் பில் எண்களைப் பாருங்கள். ஜிஎஸ்டி விதி 46-ன்படி அவை தொடர்ச்சியாகவும், ஒரு நிதியாண்டில் திரும்ப வராமலும் இருக்க வேண்டும். இணையம் இல்லாதபோது இரண்டு கல்லாக்கள் ஒரே எண்ணைப் போட்டுவிடாமலிருக்க, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை கொடுப்பது நல்லது. விதி அதை அனுமதிக்கிறது.

மென்பொருள் விற்பவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், அவர் எதிரிலேயே இந்த ஐந்து பில்லையும் போட்டுப் பாருங்கள். ஐந்து பில், 3,100 ரூபாய் என்று கணக்கு வராத மென்பொருளை வாங்காதீர்கள்.