ஒரு ஆர்டர், இரண்டு பார்சல்: விற்பனைக் கணக்கில் எத்தனை?

சென்னையில் இருக்கும் ஒருவர் இணையத்தில் ஒரு பாத்திரக் கடையில் மூன்று பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குக்கர் 2,400 ரூபாய், தோசைக்கல் 900, கண்ணாடி டம்ளர் செட் 700. பணம் ஒரே தடவையில் கட்டியாயிற்று. ஆர்டர் எண்ணும் ஒன்றுதான். ஆனால் கடைக்குக் கோவையில் ஒரு குடோன், பெங்களூரில் ஒரு குடோன். குக்கரும் தோசைக்கல்லும் கோவையில் இருக்கின்றன. டம்ளர் செட் பெங்களூரில் மட்டுமே இருக்கிறது. செவ்வாயன்று ஒரு பார்சல், வியாழனன்று இன்னொன்று என்று வீட்டுக்கு வருகின்றன.

வாங்கியவருக்கு இதில் குழப்பம் எதுவுமில்லை. மாதக் கடைசியில் ‘இந்த மாதம் எத்தனை ஆர்டர்?’ என்று கடைக்காரர் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனென்றால் அந்த ஒரே கொள்முதலுக்கு இப்போது ஒரு ஆர்டர் எண், இரண்டு கூரியர் எண்கள், இரண்டு பில்கள் இருக்கின்றன.

பில்லாவது ஒன்றாக இருக்கக் கூடாதா என்று தோன்றலாம். ஜி.எஸ்.டி. அதற்கு இடம் தருவதில்லை. இரண்டு மாநிலங்களில் குடோன் வைத்து விற்பவர் இரண்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கோவையிலிருந்து கிளம்பும் சரக்குக்கு 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணில் பில். சரக்கு மாநிலத்துக்குள்ளேயே போவதால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் போடப்படும். பெங்களூர் சரக்குக்கு 29 என்று தொடங்கும் கர்நாடகப் பதிவு எண்ணில் பில். அது மாநிலம் தாண்டுவதால் ஐ.ஜி.எஸ்.டி. வரிக் கணக்கில் இந்த இரண்டும் இரண்டாகத்தான் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்திலேயே அந்த மாதம் எத்தனை பில் போடப்பட்டது என்று கேட்கும் பகுதி உண்டு. ஆகவே பில்களை ஒன்றாக்குவது தீர்வல்ல. பில்லின் எண்ணிக்கையை ஆர்டரின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் தீர்வு.

எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு நாளில் 10 ஆர்டர், மொத்த விற்பனை 20,000 ரூபாய் என்போம். அவற்றில் இரண்டு ஆர்டர்கள் இரண்டிரண்டு பார்சலாகப் பிரிந்தன. பார்சலை எண்ணினால் 12 வரும். பணம் சரியாக இருக்கும், எண்ணிக்கைதான் தவறு. விளைவாக ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பு 2,000 ரூபாயிலிருந்து 1,667 ஆக இறங்கிவிடும். வாடிக்கையாளர்கள் குறைவாக வாங்குகிறார்கள் என்று நினைத்துக் கடைக்காரர் தேவையில்லாமல் தள்ளுபடி அறிவிப்பார். இரண்டாவது குடோன் திறந்த மாதத்தில் ஆர்டர் எண்ணிக்கை திடீரென ஏறி, சராசரி மதிப்பு இறங்கி, மொத்த விற்பனை மட்டும் அசையாமல் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொரு பிழையில் பணமே இரட்டிக்கும். சென்னைக்காரர் 400 ரூபாய் கூப்பன் பயன்படுத்தினார், டெலிவரிக்கு 80 ரூபாய் கட்டினார் என்போம். அவர் செலுத்திய தொகை 3,680. பார்சல் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் தொகையையும் சேர்த்துப் போடும் மென்பொருள்கள் உண்டு. இரண்டு பார்சல், இரண்டு வரி, இரண்டிலும் 3,680. கூட்டினால் 7,360 ரூபாய் விற்றதாகக் காட்டும்.

இதைத் தவிர்க்கத் தொகையைப் பொருள்வாரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கூப்பனும் டெலிவரி கட்டணமும் ஆர்டர் முழுமைக்கும் பொதுவானவை என்பதால், பொருள்களின் விலைக்கேற்ப அவற்றைப் பங்கிட வேண்டும். கோவைச் சரக்கு 3,300 ரூபாய். 4,000இல் அது 82.5 சதவீதம். எனவே கூப்பனில் 330, டெலிவரியில் 66 அதன் பங்கு. நிகரம் 3,036. பெங்களூர்ச் சரக்கு 700இல் 70 கழித்து 14 கூட்டினால் 644. இரண்டும் சேர்ந்து 3,680. வாடிக்கையாளர் கட்டிய தொகையோடு இது ரூபாய் பிசகாமல் ஒத்துப்போவதே சரியான பங்கீட்டுக்கு அடையாளம்.

எண்ணிக்கைக்கு எக்ஸெல் போதும். பார்சலுக்கு ஒரு வரியாக, A பத்தியில் ஆர்டர் எண் இருக்கிறது என்றால்:

```
=COUNTA(UNIQUE(A2:A13))
```

12 வரிகள் இருந்தாலும் விடை 10 வரும். பிவட் டேபிள் போடுபவர்கள் அதை உருவாக்கும்போதே ‘Add this data to the Data Model’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘Distinct Count’ என்ற வசதி பட்டியலில் தென்படும்.

சில மென்பொருள்கள் பிரியும் ஆர்டரை 1057-1, 1057-2 என்று இரண்டு துணை ஆர்டராக்கிவிடும். அப்போது மேலே சொன்ன சூத்திரம் அவற்றை வேறு வேறாகவே பார்க்கும். கோட்டுக்கு முந்திய பகுதியை மட்டும் தனிப் பத்தியில் பிரித்து, அதை எண்ண வேண்டும். ஆனால் எல்லா எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. அமேசானின் ஆர்டர் எண்ணிலேயே இரண்டு கோடுகள் இருக்கும். அதை முதல் கோட்டில் வெட்டினால், ஒரே மாதிரி தொடங்கும் வேறு வேறு ஆர்டர்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும். மென்பொருளே மூல ஆர்டர் எண்ணைத் தனிப் பத்தியாகக் கொடுத்தால் அதை நம்புவதே நல்லது.

சரியாக எண்ணியவர்களையும் தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த நாளில் கோவை குடோன் 7 ஆர்டர்களுக்குச் சரக்கு அனுப்பியது, பெங்களூர் 5 ஆர்டர்களுக்கு அனுப்பியது. இரண்டு எண்ணும் சரி. கூட்டினால் 12, உண்மையான ஆர்டர் 10. இரண்டு ஆர்டர்கள் இரு குடோனிலும் இடம்பெற்றிருப்பதால் வரும் வேறுபாடு இது. ஆகவே குடோன்வாரி அறிக்கையின் அடியில் ஆர்டர் எண்ணிக்கையைக் கூட்டிப் போடக் கூடாது. மொத்தத்தைத் தனியாக எண்ணியே எழுத வேண்டும். பணத்தைத் தாராளமாகக் கூட்டலாம், அது பொருள்வாரியாகப் பிரிந்திருப்பதால்.

தேதிக்கும் ஒரு விதி தேவை. மார்ச் 30 அன்று வந்த ஆர்டரில் கோவை பார்சல் 31ஆம் தேதி கிளம்பி, பெங்களூர் பார்சல் ஏப்ரல் 2ஆம் தேதி கிளம்பலாம். ஆர்டர் அறிக்கையில் அது மார்ச் மாதத்து ஒரு ஆர்டர். வாடிக்கையாளர் வாங்க முடிவெடுத்த நாள் அதுதான். பில்களோ வெவ்வேறு நிதியாண்டில் விழுகின்றன. அதனால் இரு அறிக்கைகளின் தொகையும் பொருந்தாது. மாத இறுதியில் இன்னும் கிளம்பாத பார்சல்களின் பட்டியலை வைத்து அந்த வேறுபாட்டை விளக்க முடிந்தால் கணக்கு சரி. டம்ளர் செட் இருப்பில்லை என்று பெங்களூர் பார்சல் ரத்தானாலும் ஆர்டர் ஒன்றாகவே நிற்கும்; விற்பனையில் 644 ரூபாய் மட்டும் குறையும். எல்லாப் பொருளும் ரத்தானால்தான் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

இப்படிச் செய்துவிட்டால் பார்சல் எண்ணிக்கைக்கும் ஒரு பயன் கிடைக்கிறது. 12 பார்சலை 10 ஆர்டரால் வகுத்தால் 1.2. இந்த எண் 1ஐ விட்டு விலக விலக, ஒரே கொள்முதலுக்காகக் கடைக்காரர் கூடுதலாகக் கட்டும் கூரியர் செலவு ஏறுகிறது என்று பொருள். குக்கர் வாங்குபவர்கள் டம்ளர் செட்டையும் சேர்த்து வாங்குவது அடிக்கடி நடந்தால், கோவையிலும் கொஞ்சம் டம்ளர் செட் வைப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்டரையும் பார்சலையும் ஒன்றாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது.